மீள்வதா, வீழாதிருப்பதா?

எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கும் மாணவி ஒருவரின் கட்டுரை திருத்த வந்தது. தாய் தந்தையரில் ஒருவரைச் சாவுக்குக் கொடுத்த பதின்வயதுப் பிள்ளைகளின் மீள்திறன் என்பது தலைப்பு. மூவாயிரம் சொற்கள். இரண்டாவது பத்தியில் மீள்திறன் என்றால் என்ன என்று எழுதியிருந்தார்:

“மீள்திறன் என்ற சொல்லுக்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். பின்னோக்கித் துள்ளுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்தது. மாஸ்டன் இதைத் தகவமைத்துக்கொள்ளும் ஆற்றல் என்கிறார். போனன்னோ இழப்புக்குப் பின்னும் நிலைகுலையாதிருப்பது என்கிறார். லூதர் இதை ஒரு செயல்முறை என்கிறார். ஆக, துன்பத்திலிருந்து மீண்டுவரும் திறனே மீள்திறன் எனலாம்.”

தனித்தனியாகப் பார்த்தால் எந்த வரியையும் தவறு என்று அடிக்க முடியாது. ஆனாலும் பத்தி முழுக்கத் தவறு. “ஆக” என்று கடைசியில் ஒரு சொல் வருகிறதே, அதற்கு மேலே இருக்கும் மூன்று பேரில் ஒருவரிடமிருந்தும் அந்த முடிவு வரவில்லை. போனன்னோவிடமிருந்து வந்திருக்கவே முடியாது. மீண்டுவருவது வேறு, மீள்திறன் வேறு என்று வாதாடிப் பேர் பெற்றவர் அவர்.

கூப்பிட்டுக் கேட்டேன். “மூணு பேரையும் சொல்லியிருக்கேனே சார்” என்றார்.

“சொல்லியிருக்கீங்கம்மா. அவங்க மூணு பேருக்கும் சண்டை. நீங்க ஆளுக்கொரு காபி கொடுத்து வரிசையா உட்கார வெச்சுட்டீங்க.”

சிரித்தார். பிறகு, “என்ன சண்டை சார்?” என்றார். அந்தக் கேள்வியைக் கட்டுரை எழுதும் முன்பே கேட்டிருக்க வேண்டும். உளவியல் கட்டுரையில் வரையறைப் பத்தி என்று ஒன்று வைப்பதே அந்தச் சண்டையைச் சொல்வதற்குத்தான்.

சண்டையைப் புரிந்துகொள்ள மூன்று பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்வோம். மூவருக்கும் பதினான்கு வயதில் அப்பா இறந்துபோனார். முதல் பிள்ளை அழுதது, சில நாள் சாப்பிடவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குள் பள்ளி, விளையாட்டு, தூக்கம் எல்லாம் பழையபடி. இரண்டாவது பிள்ளை ஒன்றரை வருடம் படுத்துவிட்டது. மதிப்பெண் சரிந்தது, நண்பர்கள் விலகினார்கள்; அதன்பின் மெல்ல எழுந்து பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகவே தேறியது. மூன்றாவது பிள்ளைக்கு மதிப்பெண் குறையவே இல்லை. ஆசிரியர்கள் மெச்சினார்கள். ஆனால் இரவில் தூக்கமில்லை. யாருக்கும் தெரியாமல் உள்ளுக்குள் வாடுகிறது.

இவர்களில் மீள்திறன் உள்ள பிள்ளை எது?

போனன்னோவைக் கேட்டால் முதல் பிள்ளையை மட்டும் காட்டுவார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இழப்புத் துயரை ஆராயும் ஜார்ஜ் போனன்னோ 2004-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையைப் புரட்டிப்போட்டது. அதுவரை, இழப்புக்குப் பின் ஒருவர் பெரிதாகக் கலங்காமல் இருந்தால் துக்கத்தை மறைக்கிறார், இல்லையென்றால் மனம் மரத்துவிட்டது என்று நினைக்கும் வழக்கம் இருந்தது. போனன்னோ அதை மறுத்தார். கலங்காமல் இருப்பவர்கள் பலர், அவர்கள் நலமாகவே இருக்கிறார்கள், அதற்குப் பெயர்தான் மீள்திறன் என்றார். விழுந்து, மாதக்கணக்கில் அல்லலுற்று, பின் எழுவதை மீட்சி என்று தனியே பிரித்து வைத்தார். காலம் கிடைமட்டமாகவும் நலம் செங்குத்தாகவும் ஓடும் ஒரு வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மீள்திறன் என்பது பெரிதாகத் தாழாத ஒரு கோடு. மீட்சி என்பது பள்ளத்தில் இறங்கி ஏறும் கோடு. இரண்டாவது பிள்ளை மீண்டது. ஆனால் அவர் கணக்கில் அது மீள்திறன் இல்லை.

எம்மி வெர்னரிடம் போனால் கணக்கு மாறும். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். வறுமை, பிரசவச் சிக்கல், குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல தொல்லைகளுக்கு நடுவே வளர்ந்தவை அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 200 குழந்தைகள். பதினெட்டு வயதில் பார்த்தபோது அந்த 200 பேரில் 72 பேர் தன்னம்பிக்கையோடும் திறமையோடும் வளர்ந்திருந்தார்கள். அந்த 72 பேர்தான் இந்தத் துறையின் மூலக்கதை. இங்கே பார்க்கப்பட்டது வளர்ந்தபின் எப்படி ஆனார்கள் என்ற விளைவு. நடுவில் எத்தனை முறை தடுக்கி விழுந்தார்கள் என்பது இரண்டாம்பட்சம். இந்தக் கண்ணால் பார்த்தால் நம் இரண்டாவது பிள்ளையும் உள்ளே வந்துவிடும்.

கவாயில் இன்னொன்றும் நடந்தது. பதினெட்டு வயதில் தேறாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதில் பார்க்கும்போது ஒழுங்கான வாழ்க்கைக்குத் திரும்பியிருந்தார்கள். படிப்பைத் தொடர்ந்தவர், ராணுவத்தில் சேர்ந்தவர், நல்ல துணை அமைந்தவர் என்று வழிகள் பல. அப்படியானால் அவர்களுக்கு மீள்திறன் இருந்ததா, இல்லையா? எந்த வயதில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

மூன்றாவது பிள்ளை சுனியா லூதரின் பிள்ளை. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய லூதர், வறிய நகர்ப்புறப் பதின்வயதினரை ஆராய்ந்து 1991-இல் ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னார். பெரும் நெருக்கடியிலும் பள்ளியில் சோபிக்கும் பிள்ளைகளை மீள்திறன் உள்ளவர்கள் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். நெருக்கடியில்லாமல் அதே அளவு சோபித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. மதிப்பெண்ணைப் பார்த்தால் மீள்திறன். மனத்தைப் பார்த்தால் இல்லை. 2000-இல் லூதர், சிச்செட்டி, பெக்கர் மூவரும் சேர்ந்து இந்தக் கருத்தையே சாணை பிடித்துப் பார்த்தார்கள். மீள்திறன் ஒருவருக்குள் இருக்கும் குணம் அல்ல, கடுமையான இன்னலுக்கு நடுவில் நல்லபடியாக இசைந்து வாழ்வதாகிய, மாறிக்கொண்டே இருக்கும் ஒரு செயல்முறை என்றார்கள். ஒரு துறையில் தேறியவர் இன்னொன்றில் தேறாமல் இருக்கலாம். எந்தத் துறையில் என்று சொல்லித்தான் பேச வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை.

குணம்தான் என்று கொள்பவர்களும் குறைவில்லை. 2003-இல் வந்த கானர்–டேவிட்சன் அளவுகோல் இருபத்தைந்து வாசகங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பிடச் சொல்கிறது. கூட்டினால் ஒருவருக்கு 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். அப்படி எண் தரும்போதே, மீள்திறன் ஆளுக்குள் இருக்கும் ஒரு பொருள், ஒருவரிடம் கூடுதலாகவும் இன்னொருவரிடம் குறைவாகவும் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டதாகிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாணவி சொன்னார்: “இதையெல்லாம் ஒரே பத்தியில எப்படி சார் அடைக்கிறது?”

அடைக்கக் கூடாது. அடைக்கப் பார்த்துத்தான் அந்த வரிசை வந்தது. “இன்னார் இப்படிச் சொல்கிறார், அன்னார் அப்படிச் சொல்கிறார்” என்ற நடை, நான்கு புத்தகம் புரட்டினேன் என்பதற்குச் சான்று. பொருள்கள் எங்கே மோதுகின்றன என்பதை அது காட்டுவதில்லை. ஆளுக்கொரு வாக்கியம் வைப்பதற்குப் பதிலாகக் கேள்விக்கொரு வாக்கியம் வைத்துப் பாருங்கள். மீள்திறன் ஆளுக்குள் இருக்கிறதா, ஆளுக்கும் சூழலுக்கும் நடுவில் நடக்கிறதா? இது ஒரு கேள்வி. வீழாதிருப்பதா, வீழ்ந்து எழுவதா? இது இன்னொன்று. எல்லாத் துறையிலும் தேற வேண்டுமா, ஒன்றில் தேறினால் போதுமா? மூன்றாவது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். பெயர்கள் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும்.

மூன்றையும் எழுத வேண்டுமா என்றால், வேண்டாம். உங்கள் கட்டுரை எந்தக் கேள்வியில் நிற்கிறதோ அதை முதலில் வையுங்கள். இந்த மாணவியின் கட்டுரை, பள்ளியும் குடும்பமும் என்ன செய்தால் இந்தப் பிள்ளைகள் தேறுவார்கள் என்று கேட்கிறது. ஆகவே குணமா, செயல்முறையா என்பதுதான் அவருக்கு முதுகெலும்பு. மீள்திறன் பிறவிக்குணம் என்றால் பள்ளிக்கு அங்கே பெரிதாக வேலையே இல்லை. இரண்டாவது கேள்வியும் அவருக்கு வேண்டும். போனன்னோவின் ஆய்வுகளை அவர் மேற்கோள் காட்டுகிறார். லத்தீன் வேர்ச்சொல் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லவில்லை. அதை எடுத்துவிடலாம். வேர்ச்சொல்லோடு தொடங்கும் வரையறைப் பத்திகளை வருடத்துக்கு நாற்பது ஐம்பது படிக்கிறேன். ஒன்றிலும் அந்த வேர் பின்னால் தளிர்த்ததைப் பார்த்ததில்லை.

அகராதியும் அப்படித்தான். அமெரிக்க உளவியல் சங்கத்தின் அகராதி, மீள்திறன் என்பது கடினமான அனுபவங்களுக்கு வெற்றிகரமாக இசைந்துகொள்ளும் செயல்முறையும் விளைவும் என்கிறது. “உம்” போட்டு இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடுகிறது. அகராதிக்கு அது அழகு. பொதுவில் வழங்கும் பொருள்களைச் சொல்வது அதன் வேலை. கட்டுரைக்கு ஒரே பொருள் வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் பக்கத்தில் ஒன்றைச் சொல்லி ஏழாம் பக்கத்தில் மற்றொன்றைச் சொல்வோம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. இதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. “மீள்திறன்” என்று எழுதிய உடனே நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம். “திறன்” என்றால் ஆளுக்குள் இருப்பது. செயல்முறை என்று நீங்கள் பத்திபத்தியாக வாதாடினாலும் சொல் எதிர்ப்பக்கம் நின்று தலையாட்டும். “மீள்” என்றால் எங்கோ போய்த் திரும்புவது. போனன்னோவின் தாழாத கோடு அந்தச் சொல்லுக்குள் நுழையவே முடியாது. “மீட்சி” என்றால் அவர் விலக்கி வைத்ததையே பெயராகச் சூட்டுகிறோம். “மீண்டெழல்” என்றால் முதலில் விழுந்தாக வேண்டும். “தாக்குப்பிடித்தல்” போனன்னோவுக்குப் பொருந்தும், வெர்னருக்குப் பொருந்தாது. எந்தச் சொல்லும் நடுநிலையில் இல்லை. அதற்காகப் புதுச்சொல் படைக்கப் போக வேண்டாம். வழக்கில் உள்ள “மீள்திறன்” என்பதையே வைத்துக்கொண்டு, “இச்சொல்லில் உள்ள ‘திறன்’ ஆளின் குணத்தைக் குறிப்பதாக இங்கே கொள்ளப்படவில்லை” என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும். வாசகர் விழிப்பாக இருப்பார். எழுதுகிறவரும்.

இனி, ஏற்றுக்கொள்ளும் வாக்கியம். மாணவர்கள் வழக்கமாக எழுதுவது: “இக்கட்டுரையின் நோக்கத்திற்காக லூதரின் வரையறை ஏற்கப்படுகிறது.” ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. பிடித்தது, எடுத்துக்கொண்டேன் என்பதுபோல் இருக்கும். ஏற்பதற்கான காரணம் கட்டுரையின் கேள்வியிலிருந்து வர வேண்டும். இவர் பெரியவர், இது புதியது என்பதெல்லாம் காரணமில்லை.

இங்கே மாணவி நல்ல தடை ஒன்றை எழுப்பினார். “சார், அப்பா சாவு ஒரே ஒரு சம்பவம்தானே. போனன்னோ அதைத்தானே ஆராய்ஞ்சார்? அவர் வரையறைதானே எனக்குப் பொருந்தணும்?”

பொருந்த வேண்டியதுதான். இழப்பை வைத்தே தம் வரையறையைக் கட்டியவர் அவர். அவரைத் தள்ளிவிட்டு லூதரிடம் போவதானால் வலுவான காரணம் வேண்டும். அந்தக் காரணம் போனன்னோவின் கட்டுரையிலேயே இருக்கிறது. தம் வரையறை, மற்றபடி இயல்பாக வாழும் பெரியவர்கள் தனியொரு பேரிழப்பைச் சந்திப்பது பற்றியது என்று அவரே எல்லை கட்டியிருக்கிறார். குழந்தை விஷயம் இரண்டு வகையில் வேறு. ஒன்று, பிள்ளைக்கு அப்பாவின் சாவு ஒரே சம்பவமாக நின்றுவிடுவதில்லை. வருமானம் நிற்கும், வாடகை வீடு மாறும், பள்ளி மாறும், அம்மா வேலைக்குப் போவார், தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வரும். இன்னல் சங்கிலியாக நீளும். இரண்டு, பெரியவருக்குப் பழைய நிலையிலேயே நிற்பது நலம். பிள்ளைக்கு அப்படி இல்லை. பதினான்கு வயதில் இருந்த இடத்திலேயே பதினேழு வயதில் இருக்கும் பிள்ளை பின்தங்கிய பிள்ளை. வளரும் பிள்ளைக்குத் தாழாத கோடு போதாது, கோடு ஏற வேண்டும். மின்னசோட்டாவில் பணியாற்றிய ஆன் மாஸ்டனும் அவர் வழி வந்தவர்களும், பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்தந்த வயதுக்குரிய வளர்ச்சிப் பணிகளையே அளவாக வைப்பது இதனால்தான். பதின்வயதில் பள்ளிப்படிப்பு, நட்பு, ஒழுக்கம்.

ஒருவரின் வரையறையை ஒதுக்குவதற்கு முன் அவர் யாரைப் பற்றி அதைச் சொன்னார் என்று பாருங்கள். பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆளுக்கு ஆள் வேறு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மீதிச் சண்டைதான் உண்மையானது. அதைத்தான் பத்தியில் வைக்க வேண்டும்.

ஏற்ற பிறகும் வேலை முடியாது. “கடுமையான இன்னலுக்கு நடுவில் நல்லபடியாக இசைந்து வாழ்தல்” என்கிறது வரையறை. இதற்குள் இரண்டு கள்ளச்சாவிகள் ஒளிந்திருக்கின்றன. எது “கடுமையான இன்னல்”? எது “நல்லபடி”? இவ்விரண்டையும் சொல்லாமல் விட்டால் யாரை வேண்டுமானாலும் உள்ளே விடலாம், வெளியே தள்ளலாம். இரண்டாவது சாவி குறிப்பாக ஊருக்கு ஊர் மாறும். கனடாவின் மைக்கேல் அங்கர் பல நாட்டு இளைஞர்களை ஆராய்ந்தவர். நலம் என்பதை எந்தச் சமூகம் எப்படிப் புரிந்துகொள்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மீள்திறனும் என்று வற்புறுத்துகிறார். அப்பா இறந்த வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை பகுதிநேர வேலைக்குப் போய் அம்மா கையில் காசு கொடுத்தால் நம் ஊரில் அது நல்லபடி. பள்ளி வருகைப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு அது இடைநிற்றல்.

பேசி முடித்து இரண்டு வாரம் கழித்து மாணவி கொண்டுவந்ததை நானும் சேர்ந்து சில இடங்களில் செதுக்கினேன். கடைசியில் பத்தி இப்படி நின்றது:

“மீள்திறன் என்ற சொல் ஒரே பொருளில் வழங்குவதில்லை. முதல் கருத்துவேறுபாடு அது எங்கே இருக்கிறது என்பது பற்றியது. கானர், டேவிட்சன் போன்றோர் அதை ஆளுக்குள் அமைந்த, எண்ணிட்டு அளக்கத்தக்க பண்பாகக் கொள்கின்றனர். லூதரும் உடன் ஆய்வாளரும் ஆளுக்கும் சூழலுக்கும் இடையில் நிகழும் செயல்முறையாகக் கொள்கின்றனர். இரண்டாவது வேறுபாடு அதன் வடிவம் பற்றியது. போனன்னோவுக்கு அது இழப்புக்குப் பின்னும் நிலைகுலையாதிருத்தல்; வீழ்ந்து எழுவதை அவர் மீட்சி என்று பிரிக்கிறார். வெர்னரின் ஆய்விலோ வளர்ந்தபின் எட்டும் நிலையே கணக்கில் கொள்ளப்படுகிறது. பள்ளியும் குடும்பமும் செய்யக்கூடியதை இக்கட்டுரை ஆராய்வதால் செயல்முறை என்ற பொருளே இங்கு ஏற்கப்படுகிறது. ‘திறன்’ என்ற சொல் ஆளின் குணத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படவில்லை. போனன்னோவின் பிரிவினை பெரியவர்களின் தனியொரு இழப்பை நோக்கியது. வளரும் பிள்ளைக்குப் பெற்றோரின் சாவு தொடர் இன்னலாக நீள்வதால் வீழ்ந்து எழுவதும் இங்கு மீள்திறனில் அடங்கும். இன்னல் என்பது தாய் அல்லது தந்தையின் இறப்பும் அதன்பின் இரண்டாண்டுகளில் வரும் குடும்ப மாற்றங்களும். இசைந்து வாழ்தல் என்பது படிப்பு, நட்பு, மனநலம் ஆகிய மூன்றில் வயதுக்குரிய நிலை, ஒவ்வொன்றும் தனித்தனியாக. ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் தேறாதிருக்கலாம் என்பது இவ்வரையறையிலேயே அடக்கம்.”

நூற்றிருபது முதல் நூற்றைம்பது சொற்களுக்குள் இருக்கும். மூவாயிரம் சொல் கட்டுரைக்கு அது சரியான அளவு. ஆயிரம் சொல் கட்டுரையாக இருந்தால் வெர்னரை விட்டிருக்கலாம். முனைவர்ப் பட்ட ஆய்வேடாக இருந்தால் இது ஓர் அத்தியாயமாக விரியும்.

போனன்னோவை இப்பத்தி எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். அவரைத் தவறு என்று சொல்லவில்லை. அவர் சொன்னது எங்கே செல்லும், இங்கே ஏன் செல்லாது என்று மட்டும் சொல்கிறது. தாம் ஏற்கப்போகும் பக்கத்தை நாலு வரியில் அலங்கரித்து, மற்றப் பக்கத்தை ஒரு வரியில் கேலிச்சித்திரமாக்குவது வரையறைப் பத்திகளில் அடிக்கடி நடக்கும் அநியாயம். போனன்னோவே படித்தால், “ஆமாம், நான் சொன்னது இதுதான்” என்பாரா என்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்தி சரியாக இருக்கிறதா என்று பத்தியைப் பார்த்துச் சொல்ல முடியாது, கட்டுரையின் மற்றப் பக்கங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சிவப்பு மசிப் பேனாவை எடுத்துக்கொண்டு “மீள்திறன்” வரும் இடத்தையெல்லாம் வட்டமிடச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வட்டத்திலும் அந்தச் சொல்லுக்குப் பதில் பத்தியில் ஏற்ற பொருளை வைத்துப் படிக்கச் சொன்னேன். வாக்கியம் உடைந்தால் அங்கே பொருள் நழுவியிருக்கிறது.

மூன்று இடத்தில் உடைந்தது. “மீள்திறன் அதிகமுள்ள பிள்ளைகள்” என்று ஓரிடம். செயல்முறை ஒருவரிடம் அதிகமாக இருக்க முடியாது, குணம்தான் இருக்கும். இன்னோரிடத்தில், “இப்பிள்ளைகள் நன்றாகத் தேறியதற்குக் காரணம் அவர்களின் மீள்திறன்” என்று இருந்தது. நன்றாகத் தேறுவதைத்தான் மீள்திறன் என்று வரையறுத்திருக்கிறோம். அப்படியானால் நன்றாகத் தேறியதற்குக் காரணம் நன்றாகத் தேறியதுதான் என்று ஆகிறது. செக்குமாடு சுற்றுவது மாதிரி. இந்தத் துறையில் மிக எளிதாக வழுக்கும் இடம் இதுதான். அச்சான ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறேன். காரணம் சொல்ல வேண்டுமானால் வரையறைக்கு வெளியே இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அக்கறையுள்ள ஆசிரியர் ஒருவர், பாட்டி வீடு, தொடர்ந்து கிடைத்த கல்வி உதவித்தொகை.

மூன்றாவது இடம்தான் பெரிய உடைசல். கானர்–டேவிட்சன் அளவுகோலால் பிள்ளைகளை அளந்த இரண்டு ஆய்வுகளைத் தம் வாதத்துக்குச் சான்றாக வைத்திருந்தார். அவை குணத்தை அளந்தவை. அவர் பேசுவது செயல்முறை. இரண்டிலும் “மீள்திறன்” என்ற ஒரே பெயர் இருப்பதால் சான்று போலத் தோன்றுகிறது.

“அப்போ அந்த ஆய்வெல்லாம் வீணா சார்?”

“வீண் இல்லைம்மா. ‘தம்மால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை’ன்னு பேர் மாத்தி, தேறுவதற்கு உதவுகிற காரணிகள்ல ஒண்ணா வெச்சுக்கோங்க. மீள்திறனோட அளவா வைக்காதீங்க.”

ஒரு சொல்லின் பொருள் எண்களை எவ்வளவு அசைக்கும் என்பதற்கு, இதே துறையில் ஒரு நிகழ்ச்சியையும் அவருக்குச் சொன்னேன். துணையை இழத்தல், மணமுறிவு, வேலையிழப்பு ஆகியவற்றைச் சந்தித்த ஜெர்மானியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவு ஒன்று உண்டு. அதை வைத்து, பெரும்பாலோர் நிலைகுலையாதவர்களே என்று முன்பு கண்டிருந்தார்கள். 2016-இல் ஃப்ராங்க் இன்ஃபர்னாவும் லூதரும் அதே தரவை எடுத்து, கோடுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் முறையில் இருந்த சில முன்முடிவுகளைத் தளர்த்திப் பார்த்தார்கள். நிலைகுலையாதவர்களின் பங்கு வெகுவாகச் சுருங்கியது. ஆட்கள் அதே ஆட்கள், விடைகள் அதே விடைகள். யாரை மீள்திறன் உள்ளவர் என்று எண்ணுவது என்ற விதி மட்டும் நகர்ந்தது.

இதைக் கேட்டதும் மாணவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு தம் கட்டுரையின் ஆறாம் பக்கத்தைப் புரட்டி, “மூன்றில் இரண்டு பங்குப் பேர் மீள்திறன் உள்ளவர்கள்” என்று எடுத்தாண்டிருந்த வரியின் ஓரத்தில் “யார் கணக்கில்?” என்று எழுதிக்கொண்டார்.

திருத்திய கட்டுரை அடுத்த மாதம் வந்தது. வரையறைப் பத்தி ஏறக்குறைய மேலே உள்ளதுதான். கட்டுரை மட்டும் இரண்டு பக்கம் குறைந்திருந்தது. பொருந்தாதவற்றை அவரே எடுத்துவிட்டிருந்தார்.